கல்லூரியில் சனி, ஞாயிறு ஷூட்டிங்: முதல்வருக்குக் கொடுத்த கடிதம் திரும்பி வந்துவிட்டது, எங்கே இடிக்கிறது?

கடைசிபெஞ்ச்கேமரா

திரைப்படத் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எட்டு நிமிடக் குறும்படம், ஏழரைப் பக்க ஸ்கிரிப்ட். கதை முழுக்க ஒரு வகுப்பறைக்குள்ளும் அதை ஒட்டிய வராந்தாவிலும்தான் நடக்கிறது. வார நாளில் அந்த வராந்தாவில் கேமராவை வைத்தால் ஃபிரேமுக்குள் நாற்பது பேர் கையாட்டிவிட்டுப் போவார்கள், அதனால் சனி ஞாயிறுதான் ஒரே வழி. முதல்வருக்குக் கடிதம் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து கையில் கொடுத்தார்கள். ஓரத்தில் பென்சிலில் ஒரே ஒரு சொல்: "விவரம்?" கையெழுத்தும் இல்லை, தேதியும் இல்லை. கடிதம் இதுதான்:

> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் நம் கல்லூரியில் திரைப்படத் துறையில் இரண்டாம் ஆண்டு பயில்கிறேன். பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக நட்பைப் பற்றிய குறும்படம் ஒன்றை எடுக்க விரும்புகிறேன். வரும் வார இறுதியில் கல்லூரி வளாகத்தில் படப்பிடிப்பு நடத்த அனுமதி அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கல்லூரிக்கு எந்தத் தொந்தரவும் வராது என உறுதி கூறுகிறேன்.

மரியாதையில் குறை வைக்கவில்லை, சுருக்கமாகவும் இருக்கிறது. அப்புறம் என்ன?

முக்கால்வாசி

தம்பி, ட்ரோன் பறக்கவிடுவதாக இருந்தால் கல்லூரி முதல்வர் கையெழுத்து மட்டும் போதாது, அது தனிச் சமாச்சாரம். ரோட்டில் எடுப்பதற்கும் போலீஸிடம் போக வேண்டும். முதலில் அதைப் பார்.

கடைசிபெஞ்ச்கேமரா

அண்ணா, ட்ரோனும் இல்லை, ரோடும் இல்லை. ஒரு வகுப்பறை, ஒரு வராந்தா, அவ்வளவுதான்.

முக்கால்வாசி

அப்படியா. கடிதத்தில் "வளாகம்" என்று போட்டிருந்ததால் மேலேயிருந்து எடுக்கப் போகிறாய் என்று நினைத்துவிட்டேன்.

பழையதபால்

மேலே முக்கால்வாசி தப்பாகப் படித்தார் இல்லையா, அதே கடிதத்தை முதல்வரும் அப்படித்தான் படித்திருப்பார். ஒரு கல்லூரி முதல்வரின் அலுவலகத்தில் பல வருஷம் தபால் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பென்சிலில் "விவரம்?" என்று வந்தால் சந்தோஷப்படு. மறுப்பதாக இருந்தால் பேனாவில் எழுதியிருப்பார்.

அந்த நாற்காலியிலிருந்து உன் கடிதத்தைப் பார். "வளாகம்" என்றால் விடுதி, ஆய்வகம், மொட்டை மாடி எல்லாமே அதில் அடக்கம். "வார இறுதி" என்றால் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவாய்? ராத்திரி தங்குவாயா? நான்கு பேரா, நாற்பது பேரா, அதில் வெளியாள் யார்? "எந்தத் தொந்தரவும் வராது" என்ற வரியைப் படித்ததும்தான் அவருக்கு வரப்போகிற தொந்தரவெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்திருக்கும். அனுமதி கொடுப்பவர் உண்மையில் பார்ப்பது ஒன்றைத்தான்: ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஆனால் யாருடைய போன் அடிக்கும்? உன் கடிதப்படி அவருடைய போன்தான். அங்கே ஒரு ஆசிரியரின் பெயர் இருந்திருந்தால் கதையே வேறு.

இன்னொன்று, "வரும் வார இறுதி" என்று எழுதவே எழுதாதே. துறைத் தலைவர் மேஜையில் இரண்டு நாள், அலுவலகத்தில் பதிவு ஆக ஒரு நாள், முதல்வர் வெளியூர் போயிருந்தால் மேலும் இரண்டு நாள். அவர் கைக்குப் போகும்போது உன் வார இறுதி முடிந்திருக்கும். தேதியைப் போடு, கூடவே மாற்றுத் தேதியும் போடு. படப்பிடிப்புக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் கொடு.

மாற்றுத் தேதி ஏன் என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டடத்தை ஏதாவது போட்டித் தேர்வுக்குக் கொடுத்திருப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலமே ஒவ்வொரு பெஞ்சிலும் பதிவெண் ஒட்டியிருக்கும். ஒரு தடவை நாடகக் குழு ஒன்று வந்து பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி ஒத்திகை பார்த்துவிட்டு "அப்படியே" திருப்பிப் போட்டுவிட்டுப் போனது. மறுநாள் காலை 217க்குப் பக்கத்தில் 243 உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்தக் கட்டடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. உனக்கு முன்னால் போனவன் செய்ததும் உன் கடிதத்தோடு சேர்ந்துதான் மேஜைக்குப் போகும்.

நேர்வழி

இவ்வளவு தேவையில்லை. கடைசியில் "படப்பிடிப்பின்போது எது நடந்தாலும் முழுப் பொறுப்பும் நானே ஏற்கிறேன்" என்று ஒரு வரி, கீழே குழுவில் எல்லோரும் கையெழுத்து. அவருக்கு வேண்டியது அதுதான். நான் மூன்று தடவை அப்படித்தான் வாங்கினேன்.

பழையதபால்

பாதி சரி. பொறுப்பைப் பற்றி ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் "எது நடந்தாலும்" என்று எழுதுவது இரண்டு பக்கமும் உதவாது. பையன் பக்கம் பார்த்தால், அன்றைக்குத் தானாகவே ஒரு பழைய ஃபேன் கழன்று விழுந்தாலும் அவன் தலையில்தான் கட்டுவார்கள். முதல்வர் பக்கம் பார்த்தால், யாராவது ஏணியிலிருந்து விழுந்து அடிபட்டால், "மாணவன் எழுதிக் கொடுத்திருக்கிறான்" என்று பெற்றோரிடம் நீட்டிவிட்டு அவர் தப்பிக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் அந்த வரியைப் படித்ததும் "இவன் எதையோ உயரத்தில் ஏற்றப்போகிறான்" என்று தோன்றும்.

"எங்கள் குழுவால் பொருள்களுக்குச் சேதம் ஏற்பட்டால் சரிசெய்து தருகிறோம். வேலை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் அறையைப் படம் எடுத்துத் துறையில் ஒப்படைக்கிறோம்." இப்படி எல்லை கட்டி எழுது. முன்பே உடைந்திருந்த ஜன்னலுக்கு நீ காசு கட்டாமலிருக்க அந்தப் படம்தான் சாட்சி.

நேர்வழி

எனக்கு மூன்று தடவையும் அந்த வரியில்தான் கிடைத்தது, அதைத்தான் சொன்னேன். மற்றபடி நீங்கள் சொல்வது புரிகிறது.

ஒலிப்பெட்டி

எல்லோரும் அனுமதி வாங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள், வாங்கிய பிறகு அந்த இடத்தில் படம் எடுக்க முடிய வேண்டாமா? நான் சவுண்டு ஆள். கல்லூரியில் எடுத்த குறும்படங்களில் பாதி எங்கே கெட்டுப்போகிறது என்றால் மணியில். அது தானியங்கி மணி. அதற்கு ஞாயிற்றுக்கிழமை என்று தெரியாது. ஐம்பது நிமிடத்துக்கு ஒரு தடவை, ஆளே இல்லாத கட்டடத்தில், நடிகை கண்ணில் தண்ணீர் வந்த டேக்கில் சரியாக அடிக்கும். அடுத்தது தண்ணீர் மோட்டார். அடுத்தது வராந்தாக் கோடியில் நிற்கும் வாட்டர் கூலர். அது நின்று நின்று ஓடும், காதுக்குப் பழகிவிடும், எடிட்டிங்கில் உட்காரும்போதுதான் ஒரு வசனத்துக்கு உறுமலும் அடுத்த வசனத்துக்கு நிசப்தமுமாக மாறி மாறி வருவது தெரியும். வெட்டி ஒட்டவே முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காவலாளியிடம் போய் மணியை நிறுத்தச் சொன்னால் "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்பார், அவர் மேல் தப்பில்லை. இதையெல்லாம் கடிதத்திலேயே கேட்டுவிடு: தானியங்கி மணியை அந்த இரண்டு நாளும் நிறுத்தி வைக்கவும், அந்தத் தளத்து வாட்டர் கூலரை அணைத்துக்கொள்ளவும் அனுமதி. ஆனால் கூலரை அணைத்ததும் உன் கார் சாவியையோ வண்டிச் சாவியையோ அதன் மேல் வைத்துவிடு. இல்லாவிட்டால் திரும்பப் போடாமல் வீட்டுக்குப் போய்விடுவாய், திங்கட்கிழமை நாலு பேர் உன்னைத் தேடுவார்கள்.

கரண்ட் எவ்வளவு இழுப்பாய் என்பதையும் எழுது. என்ன லைட்?

கடைசிபெஞ்ச்கேமரா

நூறு வாட் எல்இடி பேனல் இரண்டு. கேமரா, மானிட்டர் எல்லாம் பேட்டரி, சார்ஜருக்கு மட்டும் ஒரு பாயிண்ட். புகை மெஷின் ஒன்று வாடகைக்குக் கேட்டிருக்கிறேன், ராத்திரி சீனில் டார்ச் வெளிச்சம் கோடாகத் தெரிவதற்கு.

ஒலிப்பெட்டி

புகை மெஷினை விட்டுவிட்டுப் பார்த்தால் எல்லாம் சேர்த்து 300 வாட்டுக்குள் முடிந்துவிடும், ஒரு அயர்ன் பாக்ஸ் இழுப்பதில் பாதிகூட வராது. அதை அப்படியே எழுது. "லைட்டிங்" என்று மொட்டையாகப் போட்டால் அவர்கள் ஜெனரேட்டர் வண்டி வரும் என்று நினைப்பார்கள்.

புகை வேண்டவே வேண்டாம். மேலே புகை உணரி இருந்தால் அலாரம் அடிக்கும். உடனே எவனாவது ஒரு புத்திசாலி ஏறி அதைப் பிளாஸ்டிக் கவரால் மூடுவான். தீயணைப்புச் சாதனத்தில் கை வைத்தது தெரிந்தால் அன்றோடு உன் அனுமதி காலி, அது நியாயமும்கூட.

ராத்திரி சீன் என்றாயே, ராத்திரிக்குமா அனுமதி கேட்கப் போகிறாய்?

கடைசிபெஞ்ச்கேமரா

ஆமாம், பதினொரு மணி வரை கேட்கலாம் என்று...

வெளிச்சம்தேடி

வேண்டாம். வகுப்பறைக்குள்தானே? ஜன்னலுக்கு வெளிப்பக்கமாகக் கறுப்புத் துணியைக் கட்டி, விளிம்பில் வெளிச்சம் கசியாமல் டேப் ஒட்டினால் மதியம் இரண்டு மணிக்கே ராத்திரி கிடைக்கும். கதவு திறந்து வராந்தா தெரிகிற ஷாட்டை மட்டும் சூரியன் இறங்கியதும் வரும் அந்த அரை மணி நேரத்துக்கு வைத்துக்கொள். பதினொரு மணி என்று எழுதினால் பெண் மாணவிகள், வீட்டுக்குப் போகும் வழி என்று ஏழெட்டுப் புதுக் கேள்விகள் முளைக்கும். ஏழரை என்றால் ஒன்றுகூட வராது.

ஆனால் நேரத்தை எழுதும்போது படம் பிடிக்கிற நேரத்தை மட்டும் எழுதிவிடாதே. நான் "காலை 8 முதல் மாலை 6" என்று எழுதினேன். 8க்குத்தான் கேட்டைத் திறந்தார்கள், சாமானை ஏற்றி லைட் போட்டு முடிக்க 9.40. மாலை ஆறடித்ததும் காவலாளி வந்து சுவிட்ச் பக்கத்தில் நின்றுவிட்டார். உள்ளே நுழைவதிலிருந்து அறையைப் பழையபடி வைத்துப் பூட்டுவது வரை எல்லாம் சேர்த்து நேரம் கேள்.

என் கதை இன்னும் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட கடிதம் துறை அலுவலகப் பீரோவில் பத்திரமாக இருந்தது, சனிக்கிழமை துறைக்குப் பூட்டு. கேட்டில் இருந்தவரிடம் போனில் புகைப்படத்தைக் காட்டினேன். "இதில் என் சூப்பர்வைசர் பெயர் இல்லையே" என்றார். நடிக்க வந்தவர் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றார். கடிதத்தின் அடியிலேயே "நகல்: பாதுகாப்பு அலுவலர், கட்டடப் பராமரிப்பு" என்று போடு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீயே நடந்து போய் கேட்டில் ஒரு காகித நகலைக் கொடு. அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அன்றைக்கே கேட்டு வை.

பழையதபால்

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. சாவியைப் பற்றிச் சொன்னாரே, அதற்கு இரண்டு மடங்கு மார்க்.

ஆனால் தம்பி, "நட்பைப் பற்றிய குறும்படம்" என்று எழுதியிருக்கிறாய். ராத்திரி, வகுப்பறை, டார்ச். என்ன கதை?

கடைசிபெஞ்ச்கேமரா

மாட்டிக்கொண்டேன். இரண்டு நண்பர்கள். பரீட்சைக்கு முந்தைய ராத்திரி ஒருவன் வினாத்தாளை எடுக்க வகுப்பறைக்குள் ஒளிந்திருக்கிறான், மற்றவன் அவனைத் தடுக்க வருகிறான். நட்புதானே, பொய்யில்லையே!

நேர்வழி

நட்பு என்றே விட்டுவிடு. வினாத்தாள் என்ற சொல்லைப் பார்த்ததுமே கதை முடிந்தது. எந்த முதல்வரும் தன் கல்லூரியில் வினாத்தாள் திருட்டைப் படம் எடுக்கக் கையெழுத்துப் போடமாட்டார். படம் நன்றாக வந்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

பழையதபால்

படம் வந்த பிறகு பார்ப்பார். கல்லூரி ஆடிட்டோரியத்திலேயே திரையிடுவீர்கள், முதல் வரிசையில் அவர்தான் உட்கார்ந்திருப்பார். அப்போது "நட்பு" என்ற சொல்லுக்குக் கீழே தன் கையெழுத்து இருப்பது ஞாபகம் வரும். உனக்கு ஒன்றும் ஆகாது, உனக்காகப் பேசிய துறைத் தலைவருக்கு ஆகும், அடுத்த வருஷம் கடிதம் கொண்டுவருகிறவனுக்கு ஆகும். மூன்று வரியில் உண்மையை எழுது, முடிவு என்ன என்பதையும் எழுது. அவன் எடுக்கிறானா, இல்லையா?

கடைசிபெஞ்ச்கேமரா

எடுக்கவில்லை. ஆனால் தடுக்க வந்தவன் மேல் பழி விழுகிறது.

ஒலிப்பெட்டி

கதையை எழுதுவதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் முழு ஸ்கிரிப்டையும் இணைக்காதே. இணைத்தால் வசனத்தைத் திருத்த ஆரம்பிப்பார்கள்.

வெளிச்சம்தேடி

எனக்கு இதில் இரண்டு மனசு. என்னிடம் கதைச் சுருக்கம் கேட்டார்கள், கொடுத்தேன், "ஆசிரியர் கோபப்படும் காட்சி வேண்டாம்" என்றார்கள், எடுத்தேன். படத்தின் உயிர் அங்கேதான் இருந்தது. இன்றைக்கும் அந்தப் படத்தை யாருக்கும் காட்டுவதில்லை. மறைத்திருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. வேறு இடம் தேடியிருக்கலாமோ என்று தோன்றும்.

இன்னொரு விஷயம். என் வேறொரு படத்தைப் பட விழாவுக்கு அனுப்பியபோது, படம் எடுத்த இடத்தின் உரிமையாளர் சம்மதித்த கடிதம் கேட்டார்கள். என்னிடம் இருந்த கடிதம் "படப்பிடிப்பு நடத்த" அனுமதித்தது, காட்டுவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. திரும்பப் போனால் முதல்வர் மாறிவிட்டார். எடுக்கவும், எடுத்ததைப் பட விழாக்களிலும் இணையத்திலும் காட்டவும் என்று இரண்டையும் ஒரே கடிதத்தில் கேள். கல்லூரிப் பெயர்ப் பலகையும் சின்னமும் ஃபிரேமில் வராது என்றும் சேர்த்துவிடு. உன் கதைக்கு அது அவருக்கும் நிம்மதி.

கடைசிபெஞ்ச்கேமரா

எல்லாவற்றையும் வைத்துத் திருப்பி எழுதியிருக்கிறேன். துறைத் தலைவரிடம் முதலில் வாயால் சொன்னேன், எங்கள் எடிட்டிங் ஆசிரியை இரண்டு நாளும் பக்கத்தில் இருப்பதாக ஒப்புக்கொண்டார்.

> வழி: துறைத் தலைவர், திரைப்படத் துறை
>
> பொருள்: 14, 15 தேதிகளில் (சனி, ஞாயிறு) இரண்டாம் தளத்தில் குறும்படப் படப்பிடிப்புக்கு அனுமதி வேண்டுதல்
>
> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.
>
> இரண்டாம் ஆண்டுப் பயிற்சிப் படமாக எட்டு நிமிடக் குறும்படம் ஒன்றை எடுக்கிறேன். தேர்வுக்கு முந்தைய இரவு வினாத்தாளை எடுக்க நினைக்கும் மாணவனை அவன் நண்பன் தடுக்கிறான். வினாத்தாள் எடுக்கப்படவில்லை, ஆனால் பழி தடுத்தவன் மேல் விழுகிறது. இதுவே கதை. கல்லூரியின் பெயரோ சின்னமோ படத்தில் இடம்பெறாது.
>
> இதற்காக அறை எண் 204ஐயும் அதை ஒட்டிய வராந்தாவையும் மட்டும் இரண்டு நாளும் காலை 6.30 முதல் மாலை 7.30 வரை பயன்படுத்த அனுமதி வேண்டுகிறேன். பொருள்களை ஏற்றி இறக்குவதும் அறையைப் பழையபடி வைப்பதும் இந்த நேரத்துக்குள் அடங்கும். அந்தத் தேதிகளில் தேர்வோ வேறு நிகழ்ச்சியோ இருந்தால் 21, 22 தேதிகளில் அனுமதித்தாலும் போதும்.
>
> குழுவில் ஒன்பது பேர். ஏழு பேர் நம் மாணவர்கள், நடிகர்கள் இருவர் வெளியிலிருந்து வருகிறார்கள். பெயர்ப் பட்டியல் இணைப்பில் உள்ளது. எங்கள் துறை ஆசிரியை இரண்டு நாளும் உடனிருப்பார். அவருடைய சம்மதக் கையெழுத்தும் இணைப்பில் உள்ளது. மின்சாரத் தேவை மொத்தம் 300 வாட்டுக்குள். புகை, தீ, உயரத்தில் ஏறும் காட்சி எதுவும் இல்லை.
>
> அந்த இரண்டு நாளும் தானியங்கி மணியை நிறுத்தி வைக்கவும், இரண்டாம் தள வாட்டர் கூலரை நாங்கள் அணைத்துக்கொள்ளவும் அனுமதிக்க வேண்டுகிறேன். எங்களால் ஏதும் சேதமானால் சரிசெய்து தருகிறோம். முன்னும் பின்னும் எடுத்த அறைப் படங்களைத் திங்கட்கிழமை துறையில் ஒப்படைக்கிறோம்.
>
> முடிந்த படத்தைப் பட விழாக்களிலும் இணையத்திலும் காட்டவும் தங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.
>
> நகல்: பாதுகாப்பு அலுவலர், கட்டடப் பராமரிப்பு

பழையதபால்

இதில் ஓரத்தில் எழுத அவருக்கு இடம் விட்டிருக்கிறாய் என்பதே பெரிய விஷயம். அலுவலகத்தில் கொடுக்கும்போது உன் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள். "கொடுத்தேனே" என்ற வாதம் அங்கே செல்லாது.

நேர்வழி

வினாத்தாள் என்று எழுதியே விட்டாயா. சரி, பார்ப்போம்.

கடைசிபெஞ்ச்கேமரா

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். கிடைத்தது, ஆனால் முழுசாக இல்லை. 14, 15இல் தேர்வு இருக்கிறதாம், 21, 22 கொடுத்தார். ஞாயிறு மதியம் இரண்டு வரைதான், அதனால் வராந்தா ஷாட்டுக்குச் சனிக்கிழமையின் அந்த அரை மணி நேரம் மட்டும்தான் இருக்கிறது. மணிக்கு "நிறுத்தலாம்" என்று எழுதியிருக்கிறார். பட விழாவுக்குச் சரி. இணையத்துக்கு மட்டும் "படத்தைப் பார்த்த பின்" என்று பேனாவில்.

கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வினாத்தாள் எடுக்கப்படவில்லை" என்ற இடத்தில் மட்டும் பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறார்.

வெளிச்சம்தேடி

அந்த "பார்த்த பின்" கொஞ்சம் இடிக்கிறது. பார்த்துவிட்டு ஒரு ஷாட்டை எடு என்றால் என்ன செய்வாய்?

கடைசிபெஞ்ச்கேமரா

தெரியவில்லை அக்கா. முதலில் வராந்தா ஷாட்டை எடுக்கிறேன்.

ஒலிப்பெட்டி

வாட்டர் கூலருக்கு என்ன எழுதினார்?

கடைசிபெஞ்ச்கேமரா

"திரும்பப் போடவும்."